பாரம் தாங்காமல் சரிந்ததா, பக்கவாட்டில் நெளிந்ததா? ஒரு சென்ட்ரிங் முட்டின் கணக்கு

போர்டிகோவுக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து தொழிலாளர்கள் சிக்கினர் என்ற செய்தி அடிக்கடி கண்ணில் படுகிறது. அதனுடன் தவறாமல் ஒரு தொடரும் வரும்: "பாரம் தாங்காமல் முட்டுகள் முறிந்தன." படிப்பவர் மனத்தில் எழும் படம், கான்கிரீட்டின் எடை இரும்புக் குழாயை நசுக்கிவிட்டது என்பதுதான். அடுத்த கேள்வி, மட்டமான குழாயை வாங்கிப் போட்டார்களா என்பது.

பெரும்பாலும் இரண்டும் தவறான திசை. நசுங்கி விழும் முட்டு அரிது. குழாய் நன்றாக இருக்கும்போதே, நசுங்குவதற்குத் தேவையான எடையில் பத்தில் ஒரு பங்கு வருவதற்குள் அது பக்கவாட்டில் வில்லாக வளைந்து மடங்கிவிடலாம். அந்த எடை எவ்வளவு என்பதைக் குழாயின் இரும்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. குழாயின் இரண்டு முனைகளும் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கின்றன என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு குழாயை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

## நெளிவு என்றால் என்ன

துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையை விரல் நுனியால் மெல்ல அழுத்துங்கள். முதலில் ஒன்றும் ஆகாது. ஓர் அளவு வந்ததும் குச்சி சட்டென்று பக்கவாட்டில் வளையும். அதற்குப் பிறகு அழுத்தத்தைக் கூட்டவே வேண்டாம், வளைவு தானே பெருகும். இதுதான் நெளிவு. அது தொடங்கும் எடைக்கு மாறுநிலைச் சுமை என்று பெயர்.

குச்சியைப் பாதியாக ஒடித்து அதே சோதனையைச் செய்தால், ஏறக்குறைய நான்கு மடங்கு அழுத்த வேண்டியிருக்கும். நீளம் பாதியானால் தாங்குதிறன் இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகிறது. இதை 1729-இல் டச்சு அறிவியலாளர் முசென்புரூக் சோதனையில் கண்டு எழுதினார். ஏன் அப்படி என்பதைக் கணிதமாக 1744-இல் காட்டியவர் சுவிட்சர்லாந்தின் லியோனார்டு ஆய்லர்.

ஆய்லரின் வாதத்தைச் சமன்பாடு இல்லாமலே சொல்லலாம். நேராக நிற்கும் கம்பத்தின் நடுப்பகுதி, ஏதோ ஒரு காரணத்தால், துளி அளவு பக்கவாட்டில் விலகுகிறது என்று வையுங்கள். இப்போது இரண்டு காரியங்கள் ஒருசேர நடக்கின்றன.

1. மேலே உள்ள எடை, அந்த விலகலையே நெம்புகோலாக்கிக் கம்பத்தை மேலும் வளைக்கப் பார்க்கிறது. விலகல் எவ்வளவோ, வளைக்கும் திறனும் அந்த விகிதத்தில் இருக்கும்.
2. கம்பத்தின் விறைப்பு அதை மீண்டும் நிமிர்த்தப் பார்க்கிறது. இதுவும் விலகலின் விகிதத்திலேயே இருக்கும்.

இரண்டு பக்கமும் விலகல் பெருக்கலாக நிற்பதால் அது கணக்கிலிருந்து அடிபட்டுப் போகிறது. ஆகவே விலகல் எவ்வளவு சிறியது என்பது பொருட்டல்ல. எடை ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் நிமிர்த்தும் பக்கம் வெல்லும், மேலே போனால் வளைக்கும் பக்கம் வெல்லும். அந்த எல்லை இது:

```
P = π² × E × I / (K × L)²
```

இதில் E என்பது பொருளின் விறைப்பைக் குறிக்கும் யங் குணகம். I என்பது குறுக்குவெட்டின் வடிவம் வளைவை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைச் சொல்லும் அளவு. பொருள் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு கூடும், குழாயை உள்ளீடற்றதாகச் செய்வதன் பலன் இதில்தான். L கம்பத்தின் நீளம். K பற்றிப் பிறகு பார்ப்போம், கட்டுரையே அதைப் பற்றியதுதான்.

சூத்திரத்தில் இல்லாத ஒன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு சதுர மி.மீ. பரப்பில் வரும் விசைக்குத் தகைவு என்று பெயர். இரும்பின் வலிமை, அதாவது எத்தனை தகைவில் அது நிரந்தரமாக உருமாறும் என்ற எண், எங்கும் வரவில்லை. யங் குணகம் சாதாரண எஃகுக்கும் உயர்வலிமை எஃகுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே மெலிந்து நீண்ட முட்டுக்கு விலை உயர்ந்த எஃகு வாங்கினால் நெளிவு எல்லை ஒரு கிலோகூட உயராது. "நல்ல இரும்பா போட்டார்கள்" என்ற கேள்வி இந்த இடத்தில் பயனற்றுப் போவது அதனால்தான்.

## நம் குழாய்

சாரத்துக்கும் முட்டுக்கும் பரவலாகப் பயன்படும் எஃகுக் குழாய் ஒன்று: வெளி விட்டம் 48.3 மி.மீ., சுவர்க் கனம் 3.2 மி.மீ. இதன் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 453 சதுர மி.மீ., I சுமார் 1,15,900 மி.மீ.⁴. எஃகின் E சதுர மி.மீ.க்கு 2,00,000 நியூட்டன். 240 நியூட்டன் தகைவில் உருமாறும் தரம் என்று கொள்வோம்.

நசுக்கித்தான் கெடுக்க வேண்டும் என்றால் 453-ஐ 240-ஆல் பெருக்கிய அளவு சுமை தேவை. அது சுமார் 11 டன்.

இப்போது அதே குழாயை 3 மீட்டர் உயரத்துக்கு நிறுத்தி, இரு முனைகளும் இடம்பெயராமல், ஆனால் சுழல விடப்பட்டால் ஆய்லர் எல்லை வெறும் 2.6 டன். நசுங்கும் எடையில் கால்வாசிகூட இல்லை. உயரத்தை 4.5 மீட்டராக்கினால் 1.15 டன்னாக இறங்கிவிடுகிறது. உயரம் ஒன்றரை மடங்கு கூடியதற்குத் தாங்குதிறன் பாதிக்கும் கீழே போய்விட்டது.

## முனைகளும் பயனுறு நீளமும்

நீளம் 3 மீட்டர் என்று அளவுநாடா சொல்லும். நெளிவுக்கு அந்த எண் நேரடியாகப் பொருட்டல்ல. வளைந்த கம்பத்தில் ஒரு முழு வில் எவ்வளவு நீளத்துக்கு விரிகிறது என்பதே பொருட்டு. அந்த நீளமே பயனுறு நீளம். அதைக் கம்பத்தின் உண்மை நீளத்தால் வகுத்தால் வரும் எண்தான் K.

முதல் நிலையில், இரு முனைகளும் கீல்போலச் சுழல்கின்றன. கம்பம் முழுவதும் ஒரே வில். K = 1.

இரு முனைகளையும் சுழலவே முடியாதபடி இறுக்கிவிட்டால் முனையருகே கம்பம் நேர்க்குத்தாகவே கிளம்பியாக வேண்டும். அதனால் வளைவு ஒரு திசையில் தொடங்கி, நடுவில் எதிர்த்திசைக்கு மாறி, மீண்டும் பழைய திசைக்கு வருகிறது. வளைவு திசை மாறும் புள்ளிகள் இரு முனைகளிலிருந்தும் கால்பங்குத் தூரத்தில் அமையும். அந்தப் புள்ளிகளில் வளைக்கும் திறன் பூச்சியம். அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு கீல் இருப்பதாகவே கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவே உள்ள பாதிக் கம்பம்தான் முழு வில். K = 0.5. நீளத்தின் இருபடி கீழே இருப்பதால் தாங்குதிறன் நான்கு மடங்கு.

கீழ்முனை இறுக்கமாகவும் மேல்முனை எங்கும் பிடிக்கப்படாமலும் இருந்தால் நிலைமை தலைகீழ். கொடிக்கம்பம் அப்படி நிற்கிறது. அதன் வளைவு பாதி வில்தான். மீதிப் பாதியைத் தரைக்குக் கீழே கண்ணாடிப் பிம்பமாக நினைத்துக்கொண்டால்தான் முழு வில் கிடைக்கும். K = 2.

நம் 3 மீட்டர் குழாய்க்கு இவை எண்களில் இப்படி வருகின்றன:

1. இரு முனையும் கீல், இடம்பெயராது: 2.6 டன்.
2. ஒரு முனை இறுக்கம், மறுமுனை கீல் (K ஏறக்குறைய 0.7): 5.3 டன்.
3. இரு முனையும் இறுக்கம், இடம்பெயராது: 10.4 டன்.
4. கீழே இறுக்கம், மேலே கட்டற்ற நிலை: 650 கிலோ.
5. இரு முனையும் சுழலாது, ஆனால் மேல்முனை பக்கவாட்டில் நகரலாம்: மீண்டும் 2.6 டன்.

மூன்றாவதற்கும் நான்காவதற்கும் பதினாறு மடங்கு வேறுபாடு. குழாய் அதேதான்.

ஐந்தாவது நிலையைப் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். முனைகளைப் போல்ட் போட்டு இறுக்கிவிட்டோம், ஆகவே K பாதிதான் என்று எண்ணிக்கொள்வது வழக்கம். மேல்தளம் முழுவதும் ஒரு பக்கமாகச் சரிய இடம் இருந்தால் அந்தச் சலுகை முழுதும் பறிபோய் K ஒன்றுக்கே திரும்பிவிடுகிறது. சுழல்வதைத் தடுப்பதைவிட நகர்வதைத் தடுப்பது முக்கியம் என்பதை இந்த ஒரு வரியே காட்டுகிறது.

மூன்றாவது எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. 10.4 டன் என்பது நசுங்கும் எடையான 11 டன்னை நெருங்குகிறது. அவ்வளவு அருகில் போகும்போது எஃகு தன் விறைப்பை இழக்கத் தொடங்குவதால் உண்மையான எல்லை கணிசமாகக் கீழே இருக்கும். ஆய்லர் சூத்திரம் மெலிந்த கம்பத்துக்கு மட்டும் எழுதப்பட்டது. குட்டையான, தடித்த தூணுக்கு அதைப் போட்டால் நம்பமுடியாத பெரிய எண் வரும், அதை நம்பவும் கூடாது. முற்றிலும் சுழலாத முனை என்று ஒன்றும் நடைமுறையில் கிடையாது. எஃகுக் கட்டமைப்புக்கான இந்தியத் தரக்குறியீடு IS 800:2007, 0.5-க்குப் பதில் 0.65, 0.7-க்குப் பதில் 0.8, ஐந்தாவது நிலைக்கு 1-க்குப் பதில் 1.2 என்று எடுக்கச் சொல்வது இதனால்தான்.

## முட்டின் முனை எந்த வகை?

ஏட்டில் உள்ள வகைகளைத் தளத்தில் நிற்கும் முட்டுடன் பொருத்திப் பார்க்கும்போதுதான் விபத்தின் காரணம் தெரியத் தொடங்கும்.

முட்டின் அடியில் ஒரு சிறு இரும்புத் தட்டு இருக்கிறது. அது பலகை மீதோ மண் மீதோ சும்மா உட்கார்ந்திருக்கிறது. மேலே உத்தரக்கட்டை, ஆணி அடித்தோ அடிக்காமலோ, முட்டின் தலையில் சாய்ந்திருக்கிறது. இரண்டையும் இறுக்கம் என்று எந்தக் கணக்கிலும் சொல்ல முடியாது. இரண்டுமே கீல்கள். அதிகம் போனால் K = 1.

K = 1 என்பதற்கே ஒரு நிபந்தனை உண்டு: மேல்முனை பக்கவாட்டில் நகரக் கூடாது. அதைத் தடுப்பது எது? வீட்டுக்குள் ஓர் அறைக்குத் தளம் போடும்போது சென்ட்ரிங் பலகைகள் நான்கு பக்கச் சுவர்களிலும் முட்டிக்கொண்டு நிற்கும். யாரும் திட்டமிடாமலே சுவர் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. போர்டிகோவில் மூன்று பக்கமும் வெட்டவெளி. பலகைத் தளம் முழுவதும், அதைத் தாங்கும் முட்டுகளோடு சேர்ந்து, ஒரே திசையில் சாய்வதைத் தடுக்க அங்கே ஒன்றுமில்லை. கீழும் மேலும் கீல், மேல்முனைக்கு நகரவும் இடம். அது தூணே அல்ல, சாய்ந்து விழக் காத்திருக்கும் சட்டகம். தட்டின் அகலம் தரும் சிறு நிதானத்தில் அது நிற்கிறது, அவ்வளவுதான். அறைக்குள் பத்துத் தடவை சரியாக வந்த அதே முறை போர்டிகோவில் காலை வாருவதற்குக் காரணம் இது.

நடுவில் ஒட்டுப்போட்ட முட்டு இன்னொரு சிக்கல். உயரம் போதவில்லை என்று இரண்டு சவுக்குக் கட்டைகளை நடுப்பகுதியில் சேர்த்து, பக்கப்பட்டை வைத்து ஆணி அடிப்பார்கள். வளைவு மிகுதியாக வரும் இடம் நடுப்பகுதி. சரியாக அந்த இடத்தில் ஒரு கீலைச் செய்து வைத்தது போலாகிறது.

## ஒரு போர்டிகோவின் கணக்கு

தளத்தின் கனம் 125 மி.மீ. ஈரக் கான்கிரீட்டும் கம்பியும் சேர்ந்து சதுர மீட்டருக்குச் சுமார் 312 கிலோ. பலகை, உத்தரக்கட்டைக்கு 50 கிலோ. மேலே நிற்கும் ஆட்கள், கொட்டப்படும் கான்கிரீட், அதிர்வுக் கருவி ஆகியவற்றுக்கு 250 கிலோ. மொத்தம் 612 கிலோ. முட்டுகள் 1.2 மீட்டர் இடைவெளியில் நின்றால் ஒவ்வொன்றும் 1.44 சதுர மீட்டரைத் தாங்கும். அப்படியானால் ஒரு முட்டுக்குச் சுமார் 880 கிலோ.

போர்டிகோவின் உயரம் 4.5 மீட்டர். மேல்முனை நகராமல் எப்படியோ பிடித்துவிட்டார்கள் என்றே கொள்வோம். எல்லை 1,150 கிலோ, வரும் சுமை 880 கிலோ. காகிதத்தில் இது பத்திரமாகத் தெரிகிறது.

ஆனால் ஆய்லரின் கம்பம் பிசிறில்லாமல் நேரானது. பலமுறை பயன்பட்டு, லாரியிலிருந்து வீசப்பட்ட குழாய் அப்படி இருக்காது. நடுவில் 25 மி.மீ. வளைவு ஏற்கெனவே இருக்கிறது என்று வையுங்கள். சுமை ஏறும்போது அந்த வளைவு இந்த விகிதத்தில் பெருகும்:

```
1 / (1 − வரும் சுமை / மாறுநிலைச் சுமை)
```

880-க்கு இது ஏறக்குறைய 4.3 மடங்கு. 25 மி.மீ. வளைவு 106 மி.மீ. ஆகிவிடுகிறது. அந்த வளைவினால் வரும் தகைவையும் நேரடி அழுத்தத்தையும் சேர்த்தால் சதுர மி.மீ.க்கு 210 நியூட்டன். எல்லையான 240-க்குள்தான் இருக்கிறது. முட்டு நிற்கும்.

இப்போது ஓரிடத்தில் கான்கிரீட் 4 செ.மீ. கூடுதலாகக் குவிந்துவிடுகிறது. கொட்டிய இடத்தில் பரப்புவதற்குள் இது சர்வசாதாரணமாக நடக்கும். அந்த முட்டுக்கு 140 கிலோ கூடுதல். மொத்தம் 1,020 கிலோ. இன்னும் 1,150-க்குக் கீழேதான். ஆனால் பெருக்கம் 4.3-லிருந்து ஏறக்குறைய 9 மடங்காகிறது. கணக்குப்படி வளைவு 22 செ.மீ., தகைவு 480-க்கும் மேல். அந்த எண்ணை எட்டுவதற்கு வெகு முன்பே குழாய் நடுவில் மடங்கியிருக்கும். சுமை கூடியது 16 விழுக்காடு, தகைவு கூடியதோ இரு மடங்குக்கு மேல்.

ஒரு முட்டு மடங்கியவுடன் அதன் பங்கு பக்கத்து முட்டுகளுக்குப் போகிறது. அவையும் எல்லையருகே நிற்பவை. "ஒன்றும் ஆகாமல் இருந்தது, திடீரென்று எல்லாம் சரிந்தது" என்று உயிர் தப்பியவர்கள் சொல்வதில் மிகையில்லை.

திடீர் என்பதற்கும் ஒரு முன்னோட்டம் உண்டு, பார்க்கத் தெரிந்தால். 1907-இல் கனடாவின் கியூபெக் பாலம் கட்டுமானத்தின்போதே விழுந்ததில் 75 தொழிலாளர்கள் இறந்தனர். அழுத்தம் தாங்கும் கீழ் உறுப்பு ஒன்றில் இருந்த வளைவு, சரிவுக்கு முந்தைய நாட்களில் முக்கால் அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்கு மேல் வளர்ந்ததை அங்கிருந்தவர்கள் அளந்தே வைத்திருந்தார்கள். அது முன்பே இருந்த வளைவா, புதியதா என்ற வாதம் முடிவதற்குள் ஆகஸ்ட் 29 வந்துவிட்டது. வளைவு இருப்பதைவிட, அது வளர்வது மோசமான அறிகுறி.

## நடுவில் ஒரு பிடி

சூத்திரம் தெரிந்தவருக்குத் தீர்வும் அதிலேயே தெரியும். முட்டின் நடு உயரத்தில், இரண்டு திசைகளிலும், கிடைக்கட்டை கொடுத்துப் பிணைத்தால் ஒரு வில் இரண்டாக உடைகிறது. பயனுறு நீளம் 2.25 மீட்டர், எல்லை 4.6 டன். அதே 1,020 கிலோவுக்குப் பெருக்கம் 1.3 மடங்குதான்.

அந்தப் பிணைப்புக்குப் பெரிய வலுவும் தேவையில்லை. முட்டின் சுமையில் இரண்டரை விழுக்காட்டைத் தாங்கினால் போதும் என்பது வடிவமைப்பில் வழக்கம். 880 கிலோவுக்கு 22 கிலோ. ஒரு சிறுவன் கையால் தள்ளும் விசை அது. வளையத் தொடங்கும் முன் தடுப்பதால்தான் அவ்வளவு குறைவாகப் போதுமாகிறது.

ஆனால் கிடைக்கட்டைகள் முட்டுகளை ஒன்றோடொன்று மட்டும் கட்டினால் பயனில்லை. எல்லா முட்டுகளும் கைகோத்துக்கொண்டு ஒரே திசையில் வளையும். மூலைவிட்டமாகப் போகும் குறுக்குக் கட்டைகளோ, ஏற்கெனவே இறுகி நிற்கும் தூணுடன் கட்டும் பிணைப்போ இருந்தால்தான் அந்த 22 கிலோ போய்ச் சேர ஓர் இடம் உண்டு. மேல்தளம் சாய்வதைத் தடுப்பதும் அதே மூலைவிட்டக் கட்டைகள்தான்.

கான்கிரீட் கலவை வருவதற்கு முன் ஒவ்வொரு முட்டிலும் மேலிருந்து கீழாக நூல் பிடித்தால் வளைவு எத்தனை மி.மீ. என்று தெரிந்துவிடும், தூக்குக் குண்டு விட்டால் சாய்வும் தெரியும். கலவை கொட்டும்போது கீழே ஒருவர், முட்டுகளுக்கு அடியில் போகாமல் வெளியே நின்று, அதே நூலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்; நூலுக்கும் குழாய்க்கும் இடையே உள்ள இடைவெளி கூடிக்கொண்டே போனால் கொட்டுவதை நிறுத்தி ஆட்களை இறக்கியாக வேண்டும்.

தள்ளுவண்டி போய்வர இடைஞ்சலாக இருக்கிறதென்று நடுக் கிடைக்கட்டை ஒன்றைக் கழற்றி வைப்பதுண்டு. முட்டும் சுமையும் மாறவில்லை என்பதால் யாருக்கும் உறுத்தாது. அந்தக் கட்டை பிடித்திருந்த ஒவ்வொரு முட்டின் எல்லையும் அந்தக் கணத்தில் 4.6 டன்னிலிருந்து 1.15 டன்னுக்கு இறங்கியிருக்கும்.